பின்வரிசை போனின் பத்தில் ஒரு நொடி

ஆரோவில்லை ஒட்டிய இரும்பையில், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் ஊரில், ஒரு பள்ளி மைதானத்தில் ஆண்டுவிழா நடப்பதாக வைத்துக்கொள்வோம். மேடையின் இருபுறமும் மைக்செட்காரர் நிறுத்திய பாக்ஸ் ஸ்பீக்கர்கள். விழாவைப் படமெடுக்க இரண்டு போன்கள். ஒன்று ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டரில், பிள்ளைகளின் முகம் தெரியும்படி. மற்றொன்று கடைசி நாற்காலி வரிசைக்கும் பின்னால், 35 மீட்டரில், மேடை முழுவதும் தெரியும்படி. கடற்காற்று போனின் மைக்கில் மோதி இரையும், பக்கத்தில் பேசுகிறவர்கள் குரலும் விழும். அதனால் பேச்சும் பாட்டும் தெளிவாகக் கிடைக்க, மைக்செட்காரரின் மிக்ஸரில் ஒயர் செருகித் தனியாக ஓர் ஆடியோ ரெக்கார்டர்.

விழா முடிந்தால் கையில் மூன்று கோப்புகள். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கியவை. இவற்றைக் கணினியில் ஒரே நேரக்கோட்டில் பொருத்தி, படத்தைப் போன்களிலிருந்தும் ஒலியை ரெக்கார்டரிலிருந்தும் எடுப்பதுதான் வேலை.

படத்தொகுப்பு மென்பொருள்கள் பலவும் இதைத் தாமாகவே செய்கின்றன. டாவின்சி ரிசால்வில் Auto Sync Audio என்றும், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவில் Align Audio to Reference என்றும் இருக்கும். போனில் பதிவான சுமாரான ஒலியை ரெக்கார்டரின் ஒலிமேல் வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்தி, எந்த இடத்தில் இரண்டின் ஏற்ற இறக்கங்களும் மிக நன்றாகப் பொருந்துகின்றன என்று மென்பொருள் கணக்கிடுகிறது. வரைபடத் தாள் இரண்டை வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்திப் பார்ப்பது போலத்தான். போனின் ஒலி எவ்வளவு மட்டமாக இருந்தாலும் இதற்குப் போதும். அதனால் போனில் ஒலிப்பதிவை நிறுத்திவிடக் கூடாது.

முன்வரிசை போனுக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். பின்வரிசை போனில்தான் சிக்கல். ஒலியலைகள் துல்லியமாகப் பொருந்திய பிறகும், பறையில் குச்சி விழுவது முதலில் தெரியும், அடிச்சத்தம் பிறகு கேட்கும்.

மென்பொருள் தவறு செய்யவில்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய சத்தம் 35 மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு நொடி, அதாவது 100 மில்லிநொடி ஆகிறது. ஒளிக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. ஆக, அந்தப் போனின் சொந்தப் பதிவிலேயே படத்துக்குப் பின்னால் 100 மில்லிநொடி தள்ளித்தான் சத்தம் இருக்கிறது. ரெக்கார்டருக்கோ சத்தம் ஒயர் வழியாக, தாமதமே இல்லாமல் வந்துவிடுகிறது. மென்பொருள் சத்தத்தைச் சத்தத்தோடு பொருத்தும்போது, போனின் கோப்பை மொத்தமாக 100 மில்லிநொடி முன்னுக்கு இழுக்கிறது. கூடவே படமும் முன்னால் வந்துவிடுகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 33 மில்லிநொடி. அப்படியானால் பிசகு 3 ஃபிரேம். முன்வரிசை போனிலும் 9 மில்லிநொடி பிசகு உண்டு, ஆனால் அது கால் ஃபிரேம்தான்.

மூன்று ஃபிரேம் கண்ணுக்குத் தெரியுமா? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சத்தம் படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடிக்கத் தொடங்குகிறார்கள். பிந்தினால் 125 வரை பெரும்பாலும் தெரிவதில்லை. தொலைவிலிருந்து வரும் சத்தம் பிந்துவது நமக்கு வாழ்நாள் முழுக்கப் பழக்கம், முந்துவது இயற்கையில் இல்லை. எனவே தலைமையாசிரியரின் உரைக்கு இந்த 100 மில்லிநொடி பரவாயில்லை. பறையும் கோலாட்டமும் வேறு. முன் போனிலிருந்து பின் போனுக்கு வெட்டும் இடத்தில் ஆட்டம் மூன்று ஃபிரேம் தாவும், தாளத்தோடு விழுந்த அடி திடீரென்று தாளத்துக்கு முன்னால் விழும்.

திருத்தம் எளிது. பின் போனின் படத்தையும் ஒலியையும் நேரக்கோட்டில் பிரித்துவிட வேண்டும். ஒலி பொருந்திய இடத்திலேயே இருக்கட்டும். படத்தை மட்டும் 3 ஃபிரேம் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒலியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்றால், மிக்ஸரின் பதிவில் மைக் வாங்கியது மட்டுமே இருக்கும். பெற்றோரின் கைதட்டலும் சிரிப்பும் போனில்தான் இருக்கின்றன. அதைத் தணிவாகக் கலந்தால்தான் விழா விழாவாகக் கேட்கும். படத்தோடு சேர்த்து ஒலியையும் தள்ளிவிட்டால் ஒவ்வொரு சொல்லும் எதிரொலிக்கும்.

தூரத்தை மேடையிலிருந்து அளக்கக் கூடாது, அந்தப் போனுக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரிலிருந்து அளக்க வேண்டும். பின்வரிசைக்கென்று நடுவில் இன்னொரு ஸ்பீக்கர் வைத்திருந்தால் கணக்கு மாறிவிடும். சரிபார்க்க ஒரு கைதட்டல் போதும். தொடங்கும் முன் ஒருவர் மேடை மைக்கின் அருகே நின்று, கைகளைத் தலைக்குமேல் விரித்து, ஓங்கி ஒரு முறை தட்ட வேண்டும். பின் போனின் படத்தில் உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமையும், ரெக்கார்டரின் ஒலியில் கூராக எழும் முள்ளையும் ஒரே கோட்டில் வைத்தால் தூரமே தெரிய வேண்டியதில்லை.

தானியங்கிப் பொருத்தம் ஏமாறும் இடமும் உண்டு. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் சினிமாப் பாட்டில் மென்பொருள் ஒரு சுற்று தள்ளிப் பொருத்திவிடக்கூடும். பிசகு ஓரிரு ஃபிரேமாக இல்லாமல் ஒரு தாளச்சுற்று அளவுக்கு, ஒன்றிரண்டு நொடியாக இருந்தால் காரணம் இதுதான். வரவேற்புரை போன்ற பேச்சுப் பகுதியைக் கொடுத்துப் பொருத்தினால் சரியாகும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் பிசகினால் அது வேறு நோய். ஒவ்வொரு கருவியும் தன் சொந்தக் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நேரம் எண்ணுகிறது. இரண்டு படிகங்கள் பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபட்டால் ஒன்றரை மணி நேரத்தில் 162 மில்லிநொடி, ஏறக்குறைய 5 ஃபிரேம் விலகும். விழா முடிவிலும் ஒரு கைதட்டல் பதிந்திருந்தால் இதை அளந்துவிடலாம். முழு ஒலியையும் இழுத்து நீட்டத் தேவையில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியாக வெட்டி மறுபடி பொருத்தினால், 5 நிமிட நடனத்துக்குள் விலகல் 9 மில்லிநொடிதான்.

விலகல் சீராக வளராமல், மேடை விளக்கு மங்கிய இடத்திலிருந்து திடீரென்று தொடங்கினால் படிகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. போன்கள் இருட்டில் ஃபிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு. வேகம் நிலையாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. தொகுப்பதற்கு முன்பே கோப்பை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்:

```
ffmpeg -i pin.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy pin30.mp4
```

கடைசியாக, இதையெல்லாம் புளூடூத் ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யக் கூடாது. புளூடூத்தே 100 மில்லிநொடிக்கும் மேல் சத்தத்தைத் தாமதப்படுத்தக்கூடியது. சரியாகப் பொருந்திய படத்தைப் பிசகு என்று நினைத்து நகர்த்த நேரிடும். ஒயர் உள்ள ஹெட்போனில் கேட்டு, பறையடி விழும் ஓரிடத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்த பிறகே கோப்பை வெளியே எடுக்க வேண்டும்.