கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தல்

பகாவ் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவர், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அறிவியலை மலாய்மொழியில் பயில்கிறார். 'ஆங்குப் வெர்னியர்', 'ராலாட் சிஃபார்' ஆகிய சொற்கள் அவரை அங்கே முதன்முதலாக எதிர்கொள்கின்றன. அவற்றின் பொருளைத் தாய்மொழியில் விளக்கும் கையேடு ஒன்று வேண்டுமெனில், கலைச்சொற்களை எங்கிருந்து பெறுவது?

சொற்கள் நம்மிடம் முன்னரே உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மீச்சிற்றளவு', 'சுழிப்பிழை' என்கின்றன. இலங்கை நூல்களில் 'இழிவெண்ணிக்கை', 'பூச்சிய வழு' என்பவை வழங்குகின்றன. இவற்றுள் 'மீச்சிற்றளவு' நமக்கு ஏற்றது. வெர்னியர் அளவியில் முதன்மைக்கோலின் ஒரு பிரிவு 0.1 செ.மீ. வெர்னியர் கோலின் பத்துப் பிரிவுகள் முதன்மைக்கோலின் ஒன்பது பிரிவுகளுக்குச் சமம். ஆகவே வெர்னியரின் ஒரு பிரிவு 0.09 செ.மீ. இரண்டிற்கும் உள்ள வேறுபாடான 0.01 செ.மீ. தான் அக்கருவி காட்டவல்ல மிகச் சிறிய அளவு. இங்கே எண்ணப்படுவது எதுவுமில்லை, அளவே பேசப்படுகிறது. சொல்லும் அதையே சொல்கிறது.

'சுழிப்பிழை' என்னும் சொல்லில் இரண்டு தடைகள் உண்டு. நம் தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் 'சுழியம்' என்பதே வழக்கு. ஆதலால் 'சுழியப் பிழை' என்றால் மாணவர் உடனே உணர்வார். 'பிழை' என்றதும் தாம் தவறு செய்துவிட்டதாக அவர் எண்ணுவதும் இயல்பு. ஒன்றுமே அளக்காமல் கருவியை மூடிய நிலையில் அது சுழியம் காட்டாவிட்டால், அவ்விலகலே சுழியப் பிழை. அது கருவியினுடையது, அளப்பவருடையதன்று. இவ்விளக்கத்தைக் கையேடு முதலிலேயே தந்துவிட வேண்டும்.

சொல்லைவிடப் பெரிய இடர் வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் விளக்கும் திருகு அளவியில் புரியிடைத்தூரம் 1 மி.மீ.; தலைக்கோலில் 100 பிரிவுகள். நம் பள்ளி ஆய்வகங்களில் பெரும்பாலும் காணப்படும் மைக்ரோமீட்டரிலோ புரியிடைத்தூரம் 0.5 மி.மீ.; தலைக்கோலில் 50 பிரிவுகள். ஒன்றை நூறால் வகுத்தாலும், அரையை ஐம்பதால் வகுத்தாலும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்றே வருகிறது. விடை ஒன்றாக இருப்பதால், கருவி வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் கவனிக்காமல் கடந்துவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ரப்பர் மரத்தில் பால் மங்கைத் தாங்கும் கம்பியின் விட்டத்தை 50 பிரிவுக் கருவியால் அளக்கிறோம். முதலில் வெறுமனே மூடிப் பார்க்கிறோம். தலைக்கோலின் சுழியம் வரைகோட்டைத் தாண்டிச் சென்று, 48ஆம் பிரிவு கோட்டோடு பொருந்துகிறது. சுழியத்திற்கு இரண்டு பிரிவுகள் குறைவதால் இது எதிர்ப்பிழை: −(50 − 48) × 0.01 = −0.02 மி.மீ. பின் கம்பியை இடையில் வைக்கிறோம். புரிக்கோலில் 2 மி.மீ. கோடும், அதற்கு அடுத்த அரை மி.மீ. கோடும் தெரிகின்றன, தலைக்கோல் 17 காட்டுகிறது. அளவீடு 2.5 + 0.17 = 2.67 மி.மீ. எதிர்ப்பிழையைக் கழித்தால் 2.67 − (−0.02) = 2.69 மி.மீ. இதுவே சரியான விட்டம்.

100 பிரிவுக் கருவிக்கு எழுதிய வாக்கியங்களை அப்படியே எடுத்தாண்ட கையேட்டைப் பின்பற்றும் மாணவர் என்ன செய்வார்? அரைக்கோட்டைப் பற்றி அக்கையேடு பேசாது. எனவே 2 + 0.17 = 2.17 என எழுதுவார். சுழியப் பிழையை −(100 − 48) × 0.01 = −0.52 எனக் கணிப்பார். திருத்தியதும் அவருக்குக் கிடைப்பது 2.17 + 0.52 = 2.69 மி.மீ.! அரை மில்லிமீட்டர் ஒருமுறை விடுபட்டு, மறுமுறை மிகையாகச் சேர்ந்து, இரு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. விடை சரியானதால் கையேடும் சரியென்றே ஆசிரியர் நம்புவார்.

அரைக்கோடு தெரியாத வேறொரு கம்பியை அளந்தால் குட்டு வெளிப்படும். புரிக்கோல் 2, தலைக்கோல் 12 எனில் உண்மை விட்டம் 2.12 + 0.02 = 2.14 மி.மீ. தவறான கையேடு 2.64 மி.மீ. என்று சொல்லும். எதிர்ப்பிழை இல்லாத கருவியிலோ, முதற்கம்பியிலேயே அரை மில்லிமீட்டர் குறைந்துவிடும்.

ஆகவே, ஓர் எடுத்துக்காட்டு சரியாக வந்ததைக் கொண்டு அளவியல் மொழிபெயர்ப்பை ஏற்றுவிடலாகாது. அரைக்கோடு தெரியும் பொருள் ஒன்று, தெரியாத பொருள் ஒன்று. எதிர்ப்பிழையுள்ள கருவி ஒன்று, பிழையற்ற கருவி ஒன்று என நான்கு சேர்க்கைகளிலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதித்தல் வேண்டும். 'நூறிலிருந்து கழிக்க' என்பதற்கு மாறாகத் 'தலைக்கோலின் மொத்தப் பிரிவுகளிலிருந்து கழிக்க' என்று எழுதினால், அவ்வாக்கியம் இருவகைக் கருவிகளுக்கும் பொருந்தும். அதனுடன் 'அரை மில்லிமீட்டர் கோடு தெரிகிறதா எனப் பார்க்க' என்னும் ஒரு வரியையும் நாம் சேர்த்தாக வேண்டும். மூலத்தில் அவ்வரி இராது. நம் மாணவர் கையிலுள்ள கருவி அதைக் கேட்கிறது.