அம்புக்குறி எந்தப் பக்கம்?

‘தமிழ், ஆங்கிலம், சிங்களம். எல்லாத் துறைகளும் செய்வேன்.’ மெல்பர்னில் குடியேறிய யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு இப்படி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மொழிக்காரர், வேலை குவியும் என்றுதான் தோன்றும். ஏஜென்சியில் ஆள் தேடுபவருக்கோ இந்த வரியால் பயனில்லை. சிங்களத்திலிருந்து தமிழுக்கா, ஆங்கிலத்துக்கா? எழுத்திலா, பேச்சிலா? எதற்கும் அதில் பதில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழிலுக்குச் சான்று தருவது 1977-இல் தொடங்கிய ‘நாட்டி’ என்ற அமைப்பு. எழுத்து மொழிபெயர்ப்புக்கு அது திசைவாரியாகத்தான் சான்று தருகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தேறியவர், மறுதிசைக்குத் தனியாகத் தேர்வு எழுத வேண்டும். பேச்சை மொழிபெயர்ப்பவருக்கு இந்தப் பிரிவினை கிடையாது. டாக்டர் பேசுவதையும் நோயாளி பேசுவதையும் அவரே மாற்றிச் சொல்லியாக வேண்டுமே!

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வேறொன்று. குடியேற்ற விசாவுக்கு 5 புள்ளி பெற்றுத்தரும் சிசிஎல் தேர்வையும் நாட்டிதான் நடத்துகிறது. அதில் தேறியவர்கள் ‘நாட்டி சான்று பெற்றவர்’ என்று போட்டுக்கொள்வதுண்டு. அது தொழில் சான்று அல்ல. ஏஜென்சிக்காரர் நாட்டியின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடினால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அசல் சான்றுக்கும் ஆயுள் 3 ஆண்டுதான். பிறகு, தொழிலில் இருந்ததற்கான ஆதாரம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எனவே சான்றின் பெயரோடு எண்ணும் காலாவதித் தேதியும் விண்ணப்பத்தில் இருப்பது நல்லது.

இனி, ‘எல்லாத் துறைகளும்’. இதைப் படிப்பவர் ‘எந்தத் துறையும் இல்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் யாழ்ப்பாணத்துப் பெண் உண்மையில் செய்திருப்பது இலங்கைப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும். அதையே எழுதலாம். இலங்கை ஆவணத்தில் ‘நொத்தாரிசு’ என்றும் ‘நீதவான்’ என்றும் வரும். சென்னைக்காரர் அங்கே சற்றுத் தயங்கக்கூடும். தமிழ்நாட்டுப் பத்திரத்தில் ‘கிரயம்’, ‘வில்லங்கம்’ என்று வந்தால் இவர் யோசிக்க நேரலாம். எந்த நாட்டுத் தமிழ் என்பதும் இந்தத் தொழிலில் ஒரு துறைதான்.

திருத்திய விண்ணப்பம் இப்படி அமையும்: ‘எழுத்து: தமிழிலிருந்து ஆங்கிலம், நாட்டி சான்று, எண், செல்லுபடியாகும் தேதி. இலங்கைக் குடிநிலை ஆவணங்கள், காணி உறுதிகள். பேச்சு: தமிழ்–ஆங்கிலம் இருதிசையும், நாட்டி தற்காலிகச் சான்று. மருத்துவமனை, சமூக நல அலுவலகம்.’ சிங்களம்? பேசத் தெரியும், சான்று இல்லை. அதைக் கடைசியில், அப்படியே சொல்லி ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம்.