விழுங்காமலும் சீறாமலும்: பணியிடத்தில் தன்னுறுதி

பணியிடத்தில் ஒருவர் தனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் சொல்லும் விதத்தை உளவியலாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். அடங்கிப் போகிறவர் எதிரில் இருப்பவரின் தேவையை மட்டும் பார்க்கிறார், தன்னுடையதை விழுங்கிவிடுகிறார். ஆக்ரோஷமாகப் பேசுகிறவருக்குத் தன் தேவை மட்டுமே கண்ணில் படுகிறது. தன்னுறுதியோடு பேசுகிறவர் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு, தன் நிலையை மறைக்காமல், எதிராளியை மட்டம் தட்டாமல் சொல்கிறார்.

குரலின் உயரத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. தாழ்ந்த குரலில், சிரித்தபடியே, “உங்களுக்கெல்லாம் சொல்லிப் புரிய வைக்க முடியாதுங்க” என்பது ஆக்ரோஷம்தான். தறி ஓடும் இரைச்சலில் ஒருவர் கத்திச் சொல்லும் “இந்த மெஷினை நிறுத்துங்க, பெல்ட் கழண்டிருக்கு” தன்னுறுதி. இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. பேச்சைக் கேட்டு முடித்தவருக்கு, சொன்னவர் என்ன கேட்கிறார் என்பது விளங்கியதா? பதில் சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா? “சரி சார், பார்க்கிறேன்” என்பதில் முதல் கேள்விக்கு விடை இல்லை. “எப்பப் பார்த்தாலும் என் தலையிலேயே கட்டுறீங்க” என்பதில் இரண்டுக்குமே விடை இல்லை. கோபம் தெரிகிறது, கோரிக்கை தெரியவில்லை. பயிற்சிப் புத்தகங்கள் பல தன்னுறுதியை மற்ற இரண்டுக்கும் நடுப்புள்ளி போலக் காட்டுகின்றன. அது அவ்வளவு சரியில்லை. தெளிவு என்ற ஒரு விஷயத்தில் அடக்கமும் ஆக்ரோஷமும் ஒரே பக்கம், தன்னுறுதி மறுபக்கம்.

நான்காவதாக ஒரு கலப்பும் உண்டு. நேரில் தலையாட்டிவிட்டு வேலையை வேண்டுமென்றே இழுத்தடிப்பது, கேண்டீனில் புலம்புவது, குழு வாட்ஸ்அப்பில் குத்தலாக ஒரு பொன்மொழி போடுவது ஆகியவை இதில் சேரும். வெளியே அடக்கம், உள்ளே ஆக்ரோஷம். அலுவலகங்களில் அதிகம் புழங்குவது இதுதான் என்று தோன்றுகிறது.

இந்தப் பாகுபாடு முதலில் அலுவலகத்துக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ சால்ட்டர் 1949-இலும், தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-இலும் வெளியிட்ட நூல்களில், மனிதர்களிடம் பேசவே அஞ்சுகிறவர்களுக்கான சிகிச்சையாக இது பேசப்பட்டது. ராபர்ட் ஆல்பர்ட்டி, மைக்கேல் எம்மன்ஸ் இருவரும் 1970-இல் எழுதிய நூல் அதைச் சாதாரண வாசகர்களிடம் கொண்டுவந்தது.

பணியிடத்தில் இதன் அவசியத்தை உணர்த்தியது ஒரு விமான விபத்து. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் எண் விமானம், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே சுமார் ஒரு மணி நேரம் வட்டமிட்டது. தரையிறங்கும் சக்கரத்தில் கோளாறு என்ற சந்தேகத்தில் கேப்டனின் கவனம் முழுவதும் அதிலேயே இருந்தது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் கவனித்தார்கள், சொல்லவும் செய்தார்கள். ஆனால் ‘இப்போதே இறங்க வேண்டும்’ என்ற முடிவை வற்புறுத்தும் விதத்தில் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், துணை விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் தன்னுறுதிப் பயிற்சி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. விமானக் குழுவினருக்கு இன்று உலகெங்கும் அளிக்கப்படும் கூட்டுச் செயல்பாட்டுப் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது. தகவலைச் சொல்வது ஒன்று, அதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது வேறொன்று என்பதே அந்த விபத்து காட்டிய உண்மை. மேலதிகாரியிடம் பேசும்போது பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

பேச்சை அமைக்க எளிய சட்டகம் ஒன்றை ஷாரன் பவர், கார்டன் பவர் தம்பதியர் 1976-இல் வெளியிட்ட நூலில் தந்தார்கள். நடந்ததைச் சொல்வது, அதனால் தனக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்வது, வேண்டியதைக் குறிப்பாகக் கேட்பது, அதனால் வரும் விளைவைச் சொல்வது என்று அதில் நான்கு படிகள். எல்லாப் பேச்சிலும் நான்கும் வேண்டியதில்லை. மூன்றாவது மட்டும் விடுபடவே கூடாது.

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை, 20-ஆம் தேதி, மாலை ஐந்தரை மணி. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனங்கள் 3பி படிவத்தை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். கணக்காளர் அதில் மூழ்கியிருக்கும்போது மேலாளர் வந்து, கிளைவாரியான விற்பனை அறிக்கை இன்றைக்கே வேண்டும் என்கிறார்.

“சரி சார், பார்க்கிறேன்” என்று சொன்னால் மேலாளர் அறிக்கை வந்துவிடும் என்று நம்பிப் போய்விடுவார். இரவு பத்து மணிக்கு இரண்டில் ஒன்று அரைகுறையாக நிற்கும். “கடைசி நேரத்துல வந்து கேட்டா நான் என்ன மிஷினா? வேற ஆளே இல்லையா இங்க?” என்றால் பேச்சு வேலையை விட்டு மரியாதைக்குத் தாவிவிடும். அதன்பின் அறிக்கையைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

தன்னுறுதியோடு பேசினால் இப்படி இருக்கும்: “சார், 3பி இன்னைக்குப் போயாகணும். இன்னும் ரெண்டு மணி நேர வேலை இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எங்கேயாவது தப்பு வந்துடும். ரிப்போர்ட்டை நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குள்ள தந்துடறேன். இன்னைக்கே வேணும்னா, 3பி-யை வேற யாருக்காவது மாத்தி விடுங்க.” ‘முடியாது’ என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் எது நடக்கும், எது நடக்காது என்பது ஐயமில்லாமல் விளங்குகிறது. முடிவு மேலாளரிடமே இருப்பதால் அவர் அதிகாரமும் குறையவில்லை.

அவர் அதோடு விடமாட்டார். “அதெல்லாம் தெரியாது, எனக்கு ரெண்டும் வேணும்” என்பார். பயிற்சி பெற்றவர்களும் தடுமாறுவது இங்கேதான். புதிய காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றையும் வெட்டிப் பேச வாய்ப்புக் கிடைக்கும். வீட்டில் விருந்தாளி, தலைவலி என்று தொடங்கினால் பேச்சு அவற்றைப் பற்றியதாக மாறிவிடும். அமெரிக்க உளவியலாளர் மானுவல் ஸ்மித் 1975-இல் எழுதிய நூலில் இதற்குச் சொல்லும் வழி, சொன்னதையே குரல் ஏறாமல் திரும்பச் சொல்வது: “அவசரம்னு புரியுது சார். இன்னைக்கு ஒண்ணுதான் முடியும். எதை முதல்ல முடிக்கட்டும், சொல்லுங்க.” அறிக்கைதான் முதலில் என்று அவர் சொன்னால், “சரி சார், ரிப்போர்ட்டை எடுத்துக்கறேன். 3பி நாளைக்குப் போகும், லேட் ஃபீ வரும். ரெண்டு வரி மெயில் போட்டுடறேன்” என்று முடிக்கலாம். அந்த மின்னஞ்சலில் குத்தல் இருக்கக்கூடாது. முடிவும் நேரமும் மட்டும் போதும்.

தமிழில் இப்படிப் பேச முடியாது, மரியாதை கெட்டுவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. மேலே உள்ள பேச்சில் ‘சார்’ மூன்று இடத்தில் வருகிறது. எதையும் அது தளர்த்தவில்லை. பேச்சைத் தளர்த்துபவை வேறு: “முடிஞ்சா பாருங்க”, “தப்பா நினைச்சுக்காதீங்க”, “ஒண்ணும் அவசரமில்லை, சும்மா சொன்னேன்” போன்ற முன்னொட்டுகளும் பின்னொட்டுகளும். கேட்பவர் கோரிக்கையை விட்டுவிட்டு அவற்றை மட்டும் பிடித்துக்கொள்வார்.

மற்றச் சூழல்களுக்கும் இதே அமைப்புத்தான். சக ஊழியர் வேலையைத் தாமதமாகத் தந்தால், “நீங்க எப்பவுமே லேட்” என்பது அவர் குணத்தின் மீதான தீர்ப்பு. அவர் மறுக்கத்தான் செய்வார். “ஸ்டாக் கணக்கு புதன்கிழமை வரும்னு சொன்னீங்க, வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. பில்லிங் ஒரு நாள் தள்ளிப்போச்சு. இனிமே லேட்டாகும்னு தெரிஞ்ச உடனே ஒரு போன் பண்ணிடுங்க” என்பதில் மறுக்க ஒன்றுமில்லை. கூட்டத்தில் குறுக்கிடுகிறவரிடம், “ஒரு நிமிஷம், ஆரம்பிச்சதை முடிச்சுடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க” என்றால் போதும். தான் போட்ட அட்டவணையை இன்னொருவர் தனதாகக் காட்டினால், முதலில் தனியாகச் சொல்வதே நல்லது: “நேத்துக் காட்டின டேபிள் நான் போட்டது. அடுத்த மீட்டிங்ல அந்தப் பகுதியை நானே பேசறேன்.” கடன் கேட்கும் சக ஊழியருக்கு நீண்ட காரணம் ஆபத்து. “ஆபீஸ்ல பணம் கொடுக்கல் வாங்கல் வச்சுக்கறதில்லைங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம்.

விமர்சனத்தைக் கேட்பதில்தான் கூடுதல் நிதானம் வேண்டியிருக்கிறது. எல்லோர் முன்னாலும் “இது ஒரு ரிப்போர்ட்டா?” என்று ஒருவர் எறிந்தால், கூனிக் குறுகுவதும் பாய்வதும்தான் இயல்பாக வரும். உண்மையான பகுதியை ஒப்புக்கொண்டு, மற்றதைக் குறிப்பாகக் கேட்பது மூன்றாவது வழி: “ரெண்டாம் பக்கத்துத் தொகை தப்புதான் சார், திருத்திடறேன். வேற எது சரியில்லைன்னு சொல்லுங்க.” அவமானப்பட்டதை அப்போதே பேசாமல், பிறகு தனியாக, “தப்பைச் சொல்லுங்க சார், கேட்டுக்கறேன். எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது கஷ்டமா இருந்தது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க” என்று கேட்கலாம்.

சொற்கள் சரியாக இருந்தும் காரியம் கெடுவதுண்டு. மனப்பாடம் செய்த தொனியில், எதற்கெடுத்தாலும் நான்கு படிகளையும் வரிசையாக ஒப்பித்தால் கேட்பவருக்கு அது மிரட்டலாகவே படும். நான்காவது படியான விளைவு, செய்ய முடியாத மிரட்டலாக இருந்தால் அடுத்த முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஒரே வாக்கியத்தை ஆண் சொன்னால் உறுதி என்றும், பெண் சொன்னால் திமிர் என்றும் எடுத்துக்கொள்ளும் போக்கை ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அது பேசுகிறவரின் குறை இல்லை. வாக்கியத்தை மாற்றி அதைச் சரிசெய்துவிடவும் முடியாது.

இந்த முறை வேலை செய்ய, எதிரில் இருப்பவருக்குக் கொஞ்சமாவது நியாயத்தைக் கேட்கும் மனம் இருக்க வேண்டும். தொடர்ந்து இழிவுபடுத்துகிறவரிடமும் பாலியல் தொல்லை தருகிறவரிடமும் நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லை குறித்த பெண்களின் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அதனிடம் எழுத்தில் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.