ஒரு வேலைக்கு ஒரு பெயர்

பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம். கணக்குப் பிரிவில் இரண்டு பேர். அட்டைப்பெட்டி வாங்கிய 46,200 ரூபாய் பில்லை ஒருவர் ‘1047’ என்று பதிந்தார். வாட்ஸ்அப்பில் வந்த அதே பில்லை மற்றவர் ‘பி/1047’ என்று பதிந்தார். எண் மாறியதால் கணினிக்கு அவை இரண்டு பில்கள். பணமும் இரண்டு தடவை போய்விட்டது. மறுமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வந்த 2பி பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான், ஒரு பில் ஜோடியில்லாமல் நின்றது.

இப்படி நடப்பது முதல் தடவை அல்ல. இளையவர் மூத்தவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார்:

“அக்கா, வணக்கம். பெட்டி பில் இரண்டு தடவை பதிவானதில் என் பங்கும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் பில்லை யார் பதிவது என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நான் புரிந்துகொண்டிருப்பது இது:

கொள்முதல் பில் எந்த வழியில் வந்தாலும் பதிவது நான். பதிந்ததும் பில்லின் மேல் பதிவு எண்ணை எழுதி உங்கள் ஃபைலில் வைப்பேன்.

அந்த எண் உள்ள பில்லுக்கு மட்டும் பணம் அனுப்புவது நீங்கள். சப்ளையரிடம் பேசுவதும் நீங்களே. விடுபட்ட பில் இருந்தால் உங்களிடம் சொல்வேன், நானாகக் கூப்பிட மாட்டேன்.

2பி ஒப்பீடு நான், 17ஆம் தேதிக்குள் தருவேன். 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் நீங்கள்.

நான் லீவு போட்டால் பதிவு உங்கள் பொறுப்பு. எதுவரை பதிந்தேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போவேன்.

மாற்ற வேண்டியதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். பிறகு மேனேஜருக்கு அனுப்பலாம்.”

யார் தவறு என்ற பேச்சு இதில் இல்லை. நடந்தது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் வேலையை இரண்டாகப் பங்கு போட்டதோடு கடிதம் நிற்கவில்லை. பதிவு ஒருவர், பணம் ஒருவர் என்ற பிரிவினை அங்கே முன்பும் இருந்திருக்கும். பில் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் இடத்துக்குத்தான் அடையாளம் இல்லை. இப்போது பில்லின் மேல் எழுதிய எண் அந்த அடையாளம். எண் இல்லையென்றால் பணம் இல்லை.

மேனேஜருக்கு முதலிலேயே நகல் போட்டிருந்தால் இதே கடிதம் புகாராகியிருக்கும். அக்கா ஒப்புக்கொண்ட பிறகு போனால் அது இருவரின் ஏற்பாடு. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு மின்னஞ்சலால் பயனில்லை. சம பொறுப்பில் இருப்பவர் இன்னொருவருக்கு வேலை ஒதுக்க முடியாது. மேனேஜர்தான் உட்கார்ந்து தீர்க்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்திலும் சந்தேகம் இருந்தால், சப்ளையர் கணக்கைத் தொகை வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே தொகை, ஒரே தேதி, பில் எண்ணில் மட்டும் சின்ன வித்தியாசம் என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்து வந்தால், அந்த வேலைக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்று அர்த்தம்.