தீ கீழ் வீட்டில், கரி நம் வீட்டில்

கீழ்த்தளத்து வீட்டில் இன்வெர்ட்டர் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டது. மேல் வீட்டில் ஒரு பொருளும் எரியவில்லை. ஆனால் சமையலறைச் சுவர் கறுத்திருக்கிறது, சோபாவில் கை வைத்தால் விரலில் கரி ஒட்டுகிறது, படுக்கையறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அடுக்குமாடி வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். மறுநாள் காலையில் பலரும் வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுவரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒயர், ஃபோம், பிளாஸ்டிக் எரிந்து வரும் கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்துணி பட்டால் அது சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் மஞ்சளாக வெளியே கசியும். பிவிசி ஒயர் எரிந்த புகையில் அமிலமும் இருப்பதால், டிவி, ஏசி போன்றவற்றின் உள்ளே இருக்கும் உலோகப் பாகங்களை அது நாள்பட அரிக்கும். எனவே எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எதையும் ஆன் செய்ய வேண்டாம். ஏசியைப் போட்டால் கரி மற்ற அறைகளுக்கும் பரவும். இதையெல்லாம்விட முக்கியமானது, நீங்கள் துடைத்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்குச் சேதமே இருக்காது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கெட்டுப்போகும் உணவை அகற்றுங்கள், ஒவ்வொரு அறையையும் படமும் வீடியோவும் எடுங்கள். சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்பதால் இவ்வளவும் செய்யத்தான் வேண்டும்.

‘நம் வீட்டில் தீப்பிடிக்கவில்லையே, பணம் கிடைக்குமா?’ என்ற தயக்கத்தில் சிலர் விண்ணப்பிப்பதே இல்லை. கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டு பாலிசி, தீயினால் வீட்டுக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்கிறது. புகையும் கரியும், தீயணைக்க அடித்த தண்ணீரும் அந்தத் தீயின் நேரடி விளைவுகளே. தீ எந்த வீட்டில் தொடங்கியது என்பது உங்கள் உரிமையைப் பாதிக்காது. ஆனால் வீட்டுக்கடனோடு வங்கி எடுத்துத் தந்த பாலிசி என்றால் கொஞ்சம் கவனியுங்கள்; அதில் கட்டடம் மட்டுமே சேர்ந்திருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்பரப்பு 850 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை 21.25 லட்சம். உட்பொருளையும் சேர்த்து பாலிசி எடுத்திருந்தால் அதில் 20 சதவீதம், அதாவது 4.25 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். சுவரைச் சுத்தம் செய்து, கறை கசியாமல் தடுக்கும் சீலர் பிரைமர் பூசி, மறுபடி பெயின்ட் அடிப்பது கட்டடக் கணக்கில் வரும். சோபா, மெத்தை, திரைச்சீலை, டிவி எல்லாம் உட்பொருள் கணக்கு. மதிப்பீடு வாங்கும்போது சீலர் பிரைமரைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் வெறும் ‘பெயின்டிங்’ என்றிருந்தால் தொகை குறையும்.

தகராறு பெரும்பாலும் படுக்கையறையில்தான் வரும். சமையலறையின் கறுப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; படுக்கையறையில் வெறும் வாடைதானே என்று சர்வேயர் ஒதுக்கிவிடலாம். புகை, குழாய்கள் செல்லும் ஷாஃப்ட் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் ஏறிவந்து, குளிர்ந்த, மூடிய இடங்களில் படியும். வெள்ளை டிஷ்யூ தாளால் மின்விசிறி இறக்கையின் மேற்பக்கம், பீரோவின் பின்புறம், ஏசியின் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். சாதாரணத் தூசி சாம்பல் நிறமாக உதிரும். கரி, கறுப்பாகத் தீற்றும். இதைச் சர்வேயரின் கண்முன்னே செய்து காட்டி, அவர் குறிப்பில் எழுதச் செய்வதுதான் படுக்கையறைக்கான உங்கள் சாட்சி.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லிவிட்டு, கோரிக்கைப் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். வண்டி வந்த தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு எழுதிக் கொடுங்கள். புகை ஏறிய உங்கள் வீட்டு எண்ணும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். கீழ் வீட்டு எண் மட்டும் இருந்தால் பின்னால் கேள்வி வரும். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போயிருந்தால், சீராகும்வரை வேறிடத்தில் தங்கும் வாடகையையும் இதே பாலிசியில் கேட்கலாம்.

கீழ் வீட்டுக்காரரிடம் நேராகவே பணம் கேட்கலாமே என்று தோன்றும். அதற்கு அவருடைய கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் பாலிசியிலிருந்து வாங்கிக்கொண்டால், அவரிடம் வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடும். ஆகவே, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டி உங்கள் கோரிக்கையையே நிறுவனம் மறுக்க இடமுண்டு. காரணமின்றித் தொகையைக் குறைத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.