கடைசி நிமிடம் வரை கலக்காதீர்கள்

ஒரு கல்லூரி அரங்கில் 300 பேர் பெயர் கொடுத்த ஒருநாள் கருத்தரங்கு. காலை 11.15க்கு 15 நிமிட இடைவேளை. ஏற்பாட்டாளர் சமையல்காரரிடம் போய் "முந்நூறு பேருக்கு டீ, காபி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், பாதிக்கூட்டம் போனதும் காபி தீர்ந்திருக்கும், டீ கேனில் ஐந்து லிட்டர் மிஞ்சியிருக்கும். மொத்த அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எத்தனை பேர் டீ, எத்தனை பேர் காபி என்பதுதான் பிடிபடுவதில்லை. அது கூட்டத்தின் வயது, ஊர், அன்றைய வெயில் என்று பலவற்றைப் பொறுத்து மாறும்.

இதற்கு வழி நம் டீக்கடைகளிலேயே இருக்கிறது. அங்கே பால் தனியாகக் கொதிக்கிறது, டிகாக்ஷன் தனியாக நிற்கிறது, ஆள் கேட்ட பிறகுதான் இரண்டும் சேர்கின்றன. கருத்தரங்கிலும் ஒரு பகுதியை இப்படிக் கலக்காமல் நிறுத்தி வைக்கலாம். அந்தப் பால் காபியாகவும் ஆகும், டீயாகவும் ஆகும்.

முதலில் எத்தனை கப் என்று பார்ப்போம். 300 பேர் பெயர் கொடுத்தால் 300 பேரும் வருவதில்லை. பத்தரை மணிக்கு ஒருவர் அரங்குக்குள் போய் நிரம்பிய நாற்காலிகளை எண்ணி வர வேண்டும். 270 என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் இருபது பேர் எதுவுமே குடிக்காதவர்கள். முப்பது பேர் இரண்டாவது கப் கேட்பவர்கள். மைக்செட்காரர், ஓட்டுநர்கள், காவலாளி, தொண்டு செய்யும் மாணவர்கள் என்று இன்னும் இருபது பேர். இவர்களைக் கணக்கில் சேர்க்க மறப்பது பல இடங்களில் நடக்கிறது, அது நியாயமும் இல்லை. ஆக, 300 கப். நூறு மில்லி பேப்பர் கப்பில் எண்பது மில்லிதான் ஊற்ற முடியும்; அதற்கு மேல் போனால் கை சுடும். எண்பது மில்லி வீதம் 24 லிட்டர் வேண்டும்.

ஒரு கப்பில் அறுபது மில்லி பால், இருபது மில்லி டிகாக்ஷன் என்ற கணக்கைக் காபிக்கும் டீக்கும் ஒன்றாகவே வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும். ஆரஞ்சு பாக்கெட் பால் 16 லிட்டரில் ஐந்து லிட்டர் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினால், ஆவியானது போகச் சுமார் 20 லிட்டர் கிடைக்கும். காபித்தூள் ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டர் வெந்நீர். தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இறங்குவது நான்கு லிட்டர். டீத்தூள் அரைக் கிலோவை ஐந்தரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு உடனே வடித்தால் அதுவும் ஏறத்தாழ நான்கு லிட்டர் வரும். வடிக்காமல் தூளோடு விட்டுவைத்தால் கால் மணி நேரத்தில் துவர்ப்பு ஏறிவிடும். பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போகாது.

இனி பிரிக்க வேண்டும். பன்னிரண்டு லிட்டர் பாலை எடுத்து, காபி 100 கப், டீ 100 கப் கலந்துகொள்ளுங்கள். மிச்சம் எட்டு லிட்டர் பால், இரண்டு லிட்டர் காபி டிகாக்ஷன், இரண்டு லிட்டர் டீ டிகாக்ஷன் ஆகியவை தனித்தனியே நிற்கட்டும். கூட்டம் காபிப் பக்கம் சாய்ந்து 200 கப் போனாலும் சமாளிக்கலாம். டீப் பக்கம் சாய்ந்து 200 போனாலும் சமாளிக்கலாம். இதற்காகக் கூடுதலாகச் செலவாவது கொஞ்சம் தூள் மட்டுமே. சர்க்கரையைக் கலக்கும்போது கப்புக்கு எட்டு கிராம் வீதம் சேர்த்தால் போதும். சர்க்கரை இல்லாமல் கேட்பவர்களுக்கு இந்தத் தனிப் பாலிலேயே கலந்து கொடுத்துவிடலாம்.

சூடு குறைவதாகப் புகார் வந்தால் பலரும் கேனைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் சூடு போவது கலக்கும் இடத்தில்தான். தொண்ணூறு டிகிரியில் இருக்கும் பால் அறுபது மில்லியோடு, அறைச்சூட்டில், அதாவது முப்பது டிகிரியில் இருக்கும் டிகாக்ஷன் இருபது மில்லி சேர்ந்தால், கலவை 75 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே டிகாக்ஷன் அறுபது டிகிரியில் இருந்தால் 82 டிகிரிக்குச் சற்று மேல் நிற்கும். ஆனால் டிகாக்ஷனை அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. மணம் போய்க் கசந்துவிடும். வெந்நீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் டிகாக்ஷன் பாத்திரத்தை மூடி வைத்தால் போதும்.

அடுத்தது மூடி. கேன் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் போவது ஆவி மட்டும்தானே என்று தோன்றும். ஆனால் நீர் ஆவியாவதற்கு ஏராளமான வெப்பம் வேண்டும். கேனில் உள்ளதில் நூறில் ஒரு பங்கு ஆவியாகப் போனாலே மீதி ஐந்து டிகிரிக்கு மேல் ஆறிவிடும். பத்து லிட்டர் கேனில் அது வெறும் நூறு மில்லி. பெரிய கேனைப் பாதி நிரப்புவதும் இப்படித்தான்: உள்ளே காலி இடம் அதிகம், கேனின் சுவரும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நம் 16 லிட்டரை நான்கு ஐந்து லிட்டர் கேன்களில் நான்கு நான்கு லிட்டராக ஊற்றுவது நல்லது. முன்னதாகக் கேனில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட வேண்டும். தனிப் பாலுக்குப் பத்து லிட்டர் கேன் ஒன்று.

பாலை வடிகட்டித்தான் கேனில் ஊற்ற வேண்டும். ஆடை உள்ளே போனால் குழாயில் வந்து அடைக்கும். குழாயில் வரும் தாரை மெலிந்து விட்டுவிட்டு வந்தால், உள்ளே தீரவில்லை, ஆடை சிக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை அப்படியே குடிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. கேனில் எண்பதை ஒட்டி இருந்தால், கப்பில் விழுந்து, ஆள் நகர்ந்து நின்று, ஊதிக் குடிக்கும்போது அறுபதுகளுக்கு வந்துவிடும். கீழ் எல்லை 60. பால் சேர்ந்த பானம் அதற்குக் கீழே போய் நெடுநேரம் நின்றால் கெட ஆரம்பிக்கும். சமையல் வெப்பமானி ஒன்று மாஸ்டரின் கையில் இருப்பது நல்லது.

காலை இடைவேளை 11.15க்கே தொடங்கும் என்று நம்பிவிடக் கூடாது. பேச்சாளர் அரை மணி நேரம் கூடப் பேசுவார். பதினோரு மணிக்கே எல்லாவற்றையும் கலந்துவிட்டால் அந்த அரை மணி நேரம் பானம் மங்கிக்கொண்டிருக்கும். அடுப்பில் ஏற்றி மறுபடி சூடாக்கினால் பால் அடிபிடித்து வாடை வரும். அரங்கின் வாசலில் ஒரு மாணவரை நிறுத்துங்கள். கேள்வி நேரம் தொடங்கியதும் அவர் வந்து சொல்லட்டும், அதன் பிறகு கலக்கலாம்.

ஒரு குழாயில் நிமிடத்துக்கு ஆறு கப் பிடிக்கலாம். நான்கு குழாய்கள் என்றால் 24 கப், 250 பேருக்குப் பத்தரை நிமிடம். கேன்களை ஒரே மேசையில் நெருக்கி வைக்காமல், காபி ஒன்றும் டீ ஒன்றுமாக இரண்டு மேசைகளில் எதிரெதிர் மூலைகளில் வைத்தால் வரிசை இரண்டாகப் பிரியும். பிஸ்கட்டும் வடையும் மூன்றாவது மேசைக்குப் போகட்டும். குழாய்க்கு முன்னால் தட்டோடு நிற்பவர்தான் வரிசையை நிறுத்துபவர். கூட்டம் வருமுன் நூறு கப் ஊற்றித் தட்டில் அடுக்கிவைக்கும் பழக்கம் வேகத்துக்கு உதவும், சூட்டுக்கு உதவாது. திறந்த பேப்பர் கப் சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். முதல் இருபது பேருக்கு மட்டும் ஊற்றி வைப்பதே என் பரிந்துரை.

மதியம் 3.30 இடைவேளைக்குக் காலைப் பால் வேண்டாம், புதிதாகக் காய்ச்சுங்கள். எண்ணிக்கையைச் சாப்பாட்டு இலையே சொல்லிவிடும்: 240 இலை போட்டிருந்தால் அதற்கு மேல் ஆள் இல்லை, சாப்பிட்டதும் கிளம்பியவர்களைக் கழித்துக்கொள்ளலாம். முடிந்ததும் மிஞ்சிய பாலையும் இரண்டு டிகாக்ஷனையும் தனித்தனியே அளந்து குறித்து வைத்தால், அந்தக் கூட்டம் காபி எவ்வளவு, டீ எவ்வளவு குடித்தது என்ற கணக்கு கையில் கிடைக்கும். அடுத்த முறை அதே அரங்குக்குப் பால் பாக்கெட் சொல்லும்போது அதைப் பார்த்துச் சொல்லலாம்.