‘நாளை காலை’ என்று எழுதாதீர்கள்

எங்கள் தெரு முனைப் பூக்கடைக்காரர், ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு மாலைப் படம் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: ‘பூ ஆர்டர் எடுக்கப்படும், முன்கூட்டியே சொல்லவும்.’ ஆர்டர் குவிந்தது. பூஜையன்று காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

அது 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். அதற்குள் பூஜையை முடிக்க வேண்டுமென்ற அவசரம் எல்லோருக்கும். பட்டறைக்காரர்களோ முதல் நாளே பூஜை போட்டுவிடுபவர்கள். அவர்கள் வியாழன் மதியமே வந்து, மாலை கட்டி முடியாததால் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். அந்த ஒரு வரியில் எப்போது வரவேண்டும் என்பது எங்கே இருந்தது?

அடுத்த முறைக்கு என்ன எழுதலாம் என்று அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அதே தேதிக்கே எழுதிப் பார்த்தோம்:

‘ஆயுத பூஜை மாலை, சரம் ஆர்டர் எடுக்கிறோம். கடைசி நேரம் அக். 9, புதன் இரவு 8 மணி. பாதி முன்பணம்.
பட்டறை, ஆபீஸ், வண்டி மாலை: அக். 10, வியாழன் மதியம் 2 – 5.
வீட்டுச் சரம், உதிரிப் பூ: அக். 11, வெள்ளி காலை 6 – 9.
9 மணிக்குள் வாங்காத பூ விற்கப்படும். உதிரிப் பூ அன்றைய மார்க்கெட் விலை.’

நேரங்களைப் பூவின் குணம் பார்த்துத்தான் பிரித்தோம். செவ்வந்தி மாலையை முதல் நாளே கட்டி, ஈரத்துணி போர்த்தி வைத்தால் மறுநாளும் தாங்கும். மல்லி அப்படியில்லை. அதிகாலையில் மொட்டாகப் பறிப்பது அன்று மாலையே விரிந்துவிடும். முதல் நாள் மதியம் வாங்கிப்போன சரம் மறுநாள் பூஜையில் வாடித் தொங்கும், பழி கடைக்காரருக்கு. ரோஜா இதழ் உதிரும் என்பதால் அதைக் கடைசியில்தான் தொடுப்பார். புதன் இரவோடு ஆர்டரை நிறுத்துவதும் இதனால்தான். வியாழன் விடியலில் மார்க்கெட்டுக்குப் போகுமுன் எத்தனை மாலை, எவ்வளவு பூ என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

விலையிலும் ஒரு சூட்சுமம். பண்டிகை நாளில் மல்லி விலை காலைக்கும் மதியத்துக்கும் மாறும். மாலைக்கு மட்டும் முன்பே விலை பேசிக்கொள்வார். உதிரிக்குப் பேசினால் கை கடிக்கும்.

முதலில் அவர் ‘நாளை காலை’ என்றுதான் எழுதச் சொன்னார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். வியாழன் மாலை போட்டதை ஒருவர் வெள்ளி விடியலில் பார்த்தால், அவருடைய ‘நாளை’ சனிக்கிழமை. அன்று விஜயதசமி.

“மீந்துபோன செவ்வந்தியைத்தான் குடுக்கணும்” என்று சிரித்துவிட்டு, கிழமையும் தேதியும் போட்டார்.